பழைய நகையைக் கொடுத்துப் புதுசு வாங்கும்போது: பில்லில் வரும் சேதாரம், செய்கூலி, வரி பற்றிய கேள்விகள்

எல்லாப் பதிலுக்கும் ஒரே கணக்கை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பழைய கல் அட்டிகை ஒன்றைக் கொடுத்து, 24 கிராமில், அதாவது மூன்று சவரனில், கல் இல்லாத ஆரம் ஒன்றை எடுத்தோம். எடையெல்லாம் அப்போது குறித்து வைத்தவை. தங்க விலையை மட்டும் மாற்றியிருக்கிறேன். 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே போடலாம். உங்கள் நாளின் விலை எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

வீட்டில் எடை போட்டபோது 22 கிராமுக்கு மேல் இருந்தது. கடையில் 19 கிராமுக்குத்தான் காசு என்கிறார்களே, ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றாமலேயே அவ்வளவு குறையும். எங்கள் அட்டிகை கடைத் தராசில் 22.400 கிராம் இருந்தது. கல்லையும், கல்லுக்கு அடியில் நிரப்பியிருந்த அரக்கையும் எடுத்துவிட்டுப் போட்டால் 20.250. அதை உருக்கிக் கட்டியாக்கியதும் 20.000. அந்தக் கால் கிராம், இத்தனை வருடம் இடுக்குகளில் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கும், விட்டுப்போன அரக்குத் துணுக்கும், உருக்கும்போது எரிந்துபோகும் மற்றவையும். இதுவரைக்கும் எடையில் குறைந்தது.

இதற்கு அப்புறம் தரத்தில் குறையும். அந்தக் கட்டியைச் சோதித்தால் 87 சதவீதம் தங்கம் என்று வந்தது. புது நகை 91.6 சதவீதம், கடையில் 916 என்று சொல்வது அதைத்தான். 87-ஐ 91.6-க்கு இணையாக்க, 20 கிராமை 87-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுக்க வேண்டும். 18.996 கிராம் வரும். கிராம் 10,000 என்றால் 1,89,960 ரூபாய். நீங்கள் கொண்டுபோன பொருளின் நியாயமான மதிப்பு இதுதான். இதற்கும் கீழே போனால்தான் "ஏன்?" என்று கேட்க வேண்டும்.

சில கடைகளில் 24 காரட் விலையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். 20 கிராமில் சுத்தத் தங்கம் 17.400 கிராம், அதை 24 காரட் விலையால் பெருக்குவார்கள். இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே தொகை வர வேண்டும். 87 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டு, 24 காரட்டுக்குப் பதிலாக 22 காரட் விலையால் பெருக்கினால் அது தவறு. தரத்துக்காக இரண்டு முறை கழித்ததாகிவிடும். 17.4 கிராம், கிராம் 10,000 என்று போட்டு 1,74,000 என்று எழுதியிருந்தால் கிட்டத்தட்ட 16,000 ரூபாய் போயிற்று. கால்குலேட்டரை அவர் வேகமாகத் தட்டும்போது கண்ணில் படாது. எந்த விலையால் பெருக்கினார் என்று கேளுங்கள்.

அந்தக் காலத்தில் 22 காரட் என்று சொல்லித்தான் செய்து கொடுத்தார்கள். எப்படி 87 ஆனது?

பெரும்பாலும் பற்றவைப்பால். ஆசாரி எடுத்துக்கொண்ட தங்கம் 22 காரட்டாகவே இருந்திருக்கலாம். ஆனால் துண்டுகளை ஒட்ட, தங்கத்தைவிடச் சீக்கிரம் உருகும் ஒரு கலவை வேண்டும். வெள்ளியும் செம்பும் கூடுதலாகக் கலந்த தங்கம்தான் அந்தக் கலவை. நகை முழுவதையும் உருக்கும்போது அந்தப் பற்றும் சேர்ந்து உருகி, மொத்தத் தரத்தை இறக்கிவிடும். பட்டை வளையலில் ஒட்டு ஒன்றோ இரண்டோ, அதனால் பெரிதாக இறங்காது. கண்ணி கண்ணியாகப் பின்னிய சங்கிலியிலும், குண்டு கோத்த மாலையிலும், கல் பதிக்கக் கூடு கூடாகக் கட்டிய அட்டிகையிலும் நூற்றுக்கணக்கில் ஒட்டு இருக்கும். ஒரே ஆசாரி ஒரே நாளில் செய்த வளையலும் அட்டிகையும் வேறு வேறு தரத்தில் வருவது இதனால்தான்.

கேடிஎம் என்று அச்சடித்த நகையைப் பற்றியும் கேட்கிறார்கள். காட்மியம் கலந்து பற்றவைத்த நகை அது. காட்மியம் கொஞ்சம் இருந்தாலே பற்று சுலபமாக உருகிவிடும் என்பதால், பற்றையும் 92 சதவீதம் வரை வைத்துக்கொள்ள முடிந்தது. ஆகவே ஒழுங்காகச் செய்த கேடிஎம் நகை உருக்கியபிறகும் தரத்தில் அதிகம் இறங்காது. ஆனால் அந்த எழுத்து பற்றவைத்த முறையைத்தான் சொல்கிறது, தரத்துக்கு யாரும் கொடுத்த சான்று இல்லை. காட்மியப் புகை பட்டறையில் வேலை செய்பவர்களின் நுரையீரலைக் கெடுத்ததால் அந்த முறையே கைவிடப்பட்டது.

மெஷினில் வைத்தபோது 90 காட்டியது, உருக்கியபிறகு 87 என்கிறார்கள். எது சரி?

உருக்கியபிறகு வந்ததுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். கடை மேசையில் இருக்கும் அந்த எக்ஸ்ரே கருவி நகையின் மேல்தோலை மட்டும்தான் படிக்கிறது, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழம் என்ற அளவில். வைத்த இடத்தில் முலாம் இருந்தால் கூடுதலாகக் காட்டும், பற்றவைத்த இடமாக இருந்தால் குறைத்துக் காட்டும். கட்டியாக்கிவிட்டால் எல்லாம் கலந்து ஒன்றாகிவிடுவதால் எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே எண் வரும். அப்படி வராமல் இரண்டு இடத்தில் இரண்டு எண் வந்தால் சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம், இன்னொரு தடவை உருக்கச் சொல்லலாம்.

ஆனால் உருக்கிவிட்டால் நகை திரும்ப வராது. அதனால் முதலில் உருக்காமலே நகையின் மூன்று நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொக்கியில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று. கல் கழித்தபிறகு எவ்வளவு எடை வரும், இந்தத் தரத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று மதிப்பை எழுதி வாங்குங்கள். பிடித்தால் மட்டும் உருக்கச் சம்மதியுங்கள். உருக்கியபிறகும் விலை பிடிக்கவில்லை என்றால் கட்டியை வாங்கிக்கொண்டு வரலாம், அது உங்கள் தங்கம். உருக்குக் கூலி கேட்பார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். உருக்கும் இடத்துக்குக் கூடவே போய் நிற்பதில் கூச்சம் வேண்டாம். என் அத்தை முக்காலியைப் போட்டு உட்கார்ந்தே விட்டார், கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கல்லைப் பற்றியும் முதலிலேயே பேசுங்கள். கெம்பும் சிவப்பும் கடைக்காரர் கணக்கில் எடையைக் குறைக்கும் பொருள், அதற்குப் பணம் வராது. ஆனால் கல் உங்களுடையது. எங்கள் அட்டிகையின் கற்களை ஒரு கவரில் போட்டு வாங்கி வந்தோம். கேட்டிருக்காவிட்டால் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

கடையைத் தவிர வேறு எங்காவது தரம் பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் அங்கீகரித்த ஹால்மார்க் மையங்களில் பொதுமக்கள் கொண்டுவரும் நகையையும் சோதித்துத் தருவார்கள். நான்கு நகை வரைக்கும் சேர்த்து 200 ரூபாய், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒவ்வொன்றுக்கும் 45 ரூபாய் என்று 2022-ல் கட்டணம் அறிவித்தார்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சின் தொனியே வேறு. ஹால்மார்க் இல்லாத பழைய நகையைக் கடைகள் வாங்கக் கூடாது என்று ஒரு வதந்தி உண்டு. அது சரியில்லை. கட்டாயம் என்பது கடைக்காரர் விற்கும் நகைக்குத்தான். உங்களிடம் இருக்கும் முத்திரையில்லாத நகையை அவர்கள் தாராளமாக வாங்கலாம்.

சேதாரம், செய்கூலி இரண்டும் ஏன்? பழைய தங்கம் கொடுக்கிறோமே, கூடுதலாக வரும் எடைக்கு மட்டும் சேதாரம் போட்டால் போதாதா?

போட மாட்டார்கள். சேதாரம் புது நகையின் முழு எடைக்கும்தான். கடைக்காரர் பார்வையில் உங்கள் அட்டிகை ஒரு தங்கக் கட்டி, அவ்வளவுதான். ஆரம் ஏற்கெனவே செய்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, அதைச் செய்த செலவு 24 கிராமுக்கும் ஆகிவிட்டது.

எங்கள் பில்லில் சேதாரம் 12 சதவீதம். 24 கிராமுக்கு 2.880 கிராம், அதாவது 28,800 ரூபாய். செய்கூலி கிராமுக்கு 200 ரூபாய், 24 கிராமுக்கு 4,800. இரண்டையும் சேர்த்தால் 33,600. தங்கத்தின் விலை 2,40,000 என்பதால் இது சரியாக 14 சதவீதம். பல கடைகளில் இப்போது இரண்டையும் பிரிக்காமல் விஏ என்று ஒரே சதவீதமாகச் சொல்லிவிடுகிறார்கள். "எங்களிடம் செய்கூலி இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அந்த ஒரே சதவீதம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். செய்கூலி இல்லாத 16, செய்கூலியோடு சேர்த்த 14-ஐவிட அதிகம்தானே.

சேதாரம் என்ற சொல் கைவேலைக் காலத்தது. அரத்தில் ராவும்போதும் உருக்கும்போதும் தெறித்துப்போகும் தங்கத்துக்கு ஈடாக ஆசாரிக்குக் கொடுத்தது. இப்போது மெஷினில் பின்னும் சங்கிலியில் அப்படித் தொலைவது மிகக் கொஞ்சம், அந்தத் தூளையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். ஆகவே இன்றைய சேதாரத்தைத் தொலைந்த தங்கம் என்று நினைக்க வேண்டாம். வேலைப்பாட்டுக்கும் கடைச் செலவுக்கும் லாபத்துக்கும் சேர்த்து வைத்த விலை அது. விலை என்றால் பேரம் பேசலாம். மெஷின் சங்கிலிக்கு நன்றாகவே குறைப்பார்கள். நகாசு வேலை செய்த கோயில் நகைக்குக் கொஞ்சம்தான் இறங்கி வருவார்கள், அதில் உண்மையிலேயே ஆள் கூலி அதிகம்.

இன்னொன்று, சேதாரம் தங்க விலையோடு சேர்ந்து ஏறுகிறது. அதே ஆரம், அதே வேலை. தங்கம் கிராம் 5,000 இருந்தபோது 12 சதவீதச் சேதாரம் 14,400 ரூபாய். 10,000 ஆனதும் 28,800. செய்தவர் கூலி இரண்டு மடங்கு ஆகியிருக்காது. பேரம் பேசும்போது நான் இதைச் சொல்வேன். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் சிரிப்பார்கள்.

பழைய தங்கத்தின் மதிப்பைக் கழித்தபிறகு மீதிப் பணத்துக்குத்தானே ஜிஎஸ்டி?

பலரும் அப்படித்தான் நம்புகிறோம். சில கடைகளின் எஸ்டிமேட்டும் அப்படித்தான் இருக்கும். ஆனால் சட்டப்படி வரி புது நகையின் முழு மதிப்புக்கு.

முதலில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்ப்போம். ஆரத்தின் மதிப்பு தங்கம், சேதாரம், செய்கூலி எல்லாம் சேர்ந்து 2,73,600. முழு மதிப்புக்கு 3 சதவீதம் என்றால் வரி 8,208. மொத்தம் 2,81,808. அதில் பழைய தங்கம் 1,89,960-ஐக் கழித்தால் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 91,848 ரூபாய்.

நிகர மதிப்புக்கு வரி என்றால், 2,73,600-இலிருந்து முதலிலேயே 1,89,960-ஐக் கழிப்பார்கள். மீதி 83,640. இதற்கு 3 சதவீதம் 2,509 ரூபாய் 20 பைசா. கொடுக்க வேண்டியது 86,149 ரூபாய் சொச்சம். இரண்டுக்கும் நடுவே 5,698 ரூபாய் 80 பைசா வித்தியாசம். பழைய தங்கத்தின் மதிப்பில் சரியாக 3 சதவீதம்.

ஏன் முழு மதிப்பு? நீங்கள் ஆரத்துக்கு விலையாகப் பணமும் கொடுக்கிறீர்கள், தங்கமும் கொடுக்கிறீர்கள். விலையின் ஒரு பகுதி பணமாக இல்லை என்பதால் பொருளின் மதிப்பு குறைந்துவிடாது. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 27-வது விதி இதைப் பற்றியதுதான். அதிலேயே ஒரு போன் உதாரணம் இருக்கிறது. பழைய போனைக் கொடுத்தால் புதுப் போன் 20,000, கொடுக்காவிட்டால் 24,000 என்றால், வரிக்கான மதிப்பு 24,000. போன் இருந்த இடத்தில் ஆரத்தை வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வழியில் யோசித்தாலும் புரியும். காலையில் ஒரு கடையில் அட்டிகையை விற்றுப் பணம் வாங்கி, மாலையில் வேறு கடையில் அந்தப் பணத்தோடு ஆரம் வாங்கினால் முழு விலைக்கும் வரி கட்டத்தானே செய்வோம். ஒரே மேசையில் இரண்டும் நடந்தால் மட்டும் எப்படிக் குறையும்?

அப்படியானால் நிகர மதிப்புக்கு மட்டும் வரி போட்டுக் கொடுக்கும் கடையில் வாங்கலாமா? நமக்கு லாபம்தானே?

கடைக்காரர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. சில இடங்களில் எஸ்டிமேட் சீட்டில்தான் அந்த வரிசை இருக்கும், பில் போடும்போது முழு மதிப்புக்கும் வரி வந்து நிற்கும். 86,000 என்று நினைத்துப் போய் 92,000 கொடுத்துவிட்டு வந்த அனுபவம் எனக்கே உண்டு. கடைப் பெயர் வேண்டாம். "எஸ்டிமேட்டில் இருப்பதுதான் கடைசித் தொகையா, வரி சேர்த்தா?" என்று அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

வேறு சில இடங்களில் வெறும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, புது நகையின் எடையில் பழைய எடையைக் கழித்த மிச்சத்துக்கு மட்டும் பில் போடுவார்கள். உங்கள் கையில் 24 கிராம் ஆரம், பில்லில் ஐந்து கிராம். 5,700 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். நாளைக்கு அந்த நகை திருடு போனாலோ, தரம் குறைவு என்று கேட்கப் போனாலோ, விற்கும்போது வாங்கிய விலையைக் காட்ட வேண்டி வந்தாலோ, 19 கிராமுக்குக் காகிதமே இல்லை. எனக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

ஒழுங்கான பில்லில் புது நகை ஒரு பகுதியாகவும், அதற்கு வரி அடுத்ததாகவும், பழைய தங்கம் வாங்கிய கணக்கு தனியாகவும், கடைசியில் கழித்து வரும் தொகையும் இருக்கும். பழைய தங்கத்துக்குத் தனிக் கொள்முதல் சீட்டு கொடுத்தால் இன்னும் நல்லது.

பழைய தங்கத்தை விற்பதற்கு நமக்கும் ஜிஎஸ்டி உண்டா?

வீட்டு நகையை விற்கும் தனிநபருக்கு இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த புதிதில், இப்படி வாங்கும் நகைக்குக் கடைக்காரர் 3 சதவீதம் கட்ட வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்து குழப்பம் ஆனது. தனிநபர் தன் நகையை விற்பது தொழில் இல்லை, அதனால் அதில் வரி இல்லை என்று வருவாய்த் துறை உடனே விளக்கம் கொடுத்தது. ஆகவே பழைய தங்கத்தின் மதிப்பிலிருந்து "ஜிஎஸ்டி 3 சதவீதம்" என்று யாராவது கழித்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

செய்கூலிக்கு 5 சதவீதம் வரி என்கிறார்களே?

தங்கம் யாருடையது என்பதில் இருக்கிறது பதில். கடையின் தங்கத்தில் செய்து வைத்த நகையை வாங்கினால் தங்கமும் வேலையும் சேர்ந்த ஒரே பொருள், மொத்தத்துக்கும் 3 சதவீதம். உங்கள் தங்கத்தையே கொடுத்து, அதிலேயே செய்து தரச் சொன்னால் நீங்கள் வாங்குவது வேலையை மட்டும்தான். அப்போது கூலிக்கு 5 சதவீதம், தங்கத்துக்கு வரியே இல்லை. ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத சின்னப் பட்டறை என்றால் அந்த 5-உம் இல்லை.

பழைய தங்கத்தின் மேல் வரி விழாமல் இருக்கச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி இதுதான். ஆனால் இதற்கு நம்பிக்கையான ஆசாரி வேண்டும். கொடுத்த தங்கத்தின் எடையையும் தரத்தையும் எழுதி வாங்க வேண்டும், நகை வந்தபிறகு திரும்பத் தரம் பார்க்க வேண்டும். எங்கள் அட்டிகைத் தங்கம் 87 சதவீதம் என்பதால் 916 ஆக்க மேலே சுத்தத் தங்கம் சேர்த்தாக வேண்டும், அந்தக் கணக்கும் தனியாக வரும்.

நிகரத்துக்கு மட்டும் வரி என்ற முறை இன்னொரு இடத்திலும் உண்டு, ஆனால் அது கடைக்காரருக்கு. வாங்கிய பழைய நகையை உருக்காமல், சுத்தம் செய்து மெருகு போட்டு அப்படியே விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம் என்று 2021-ல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் ஒரு வழக்கில் சொன்னது. உங்கள் அட்டிகையை உருக்கிவிட்டு வேறு ஆரத்தைக் கொடுக்கும் கணக்குக்கு அது பொருந்தாது. பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கடையில் வாதாடுகிறார்கள்.

"பழைய நகைக்குக் கழிவே இல்லை" என்று போர்டு வைத்திருக்கும் கடைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் போர்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பழையதில் விட்டுக்கொடுப்பதைப் புதியதில் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஒரு கடை பழைய தங்கத்தில் 2 சதவீதம் கழித்து, புது ஆரத்துக்கு விஏ 12 என்கிறது. பழையது 1,86,161 ஆகிறது. புதியது 2,68,800, வரி 8,064, மொத்தம் 2,76,864. கொடுக்க வேண்டியது சுமார் 90,703. அடுத்த கடையில் கழிவே இல்லை, ஆனால் விஏ 16. புதியது 2,78,400, வரி 8,352, மொத்தம் 2,86,752. பழையது 1,89,960 போக 96,792. கழிவில்லாத கடையில் ஆறாயிரம் ரூபாய் அதிகம்.

அதனால் ஒவ்வொரு கடையிலும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இந்த எடைக்கு ஏறக்குறைய இதே மாதிரி நகை, என் பழையது இது, வரியெல்லாம் சேர்த்துக் கையிலிருந்து எவ்வளவு? சதவீதங்களை ஒப்பிட ஆரம்பித்தால் தலை சுற்றும்.

பழைய தங்கத்துக்குப் போடும் விலை, போர்டில் இருக்கும் அதே விலைதானா என்பதையும் பாருங்கள். கிராமுக்கு 100 ரூபாய் குறைத்தால் எங்கள் 19 கிராமில் 1,900 ரூபாய். அதற்குக் கழிவு என்று பெயர் வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

புது நகையில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஹால்மார்க் முத்திரையில் மூன்று இருக்கும்: தர நிர்ணய அமைவனத்தின் குறி, 22K916 என்ற தரம், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி எண். இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறை. போனில் BIS Care செயலியைத் திறந்து Verify HUID என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால், என்ன நகை, என்ன தரம், எந்த மையம் முத்திரையிட்டது என்பது வரும். எண் ஆரத்துக்கானதாக இல்லாமல் மோதிரம் என்று வந்தால் வாங்க வேண்டாம்.

கல் வைத்த நகை என்றால் பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக இருக்க வேண்டும். கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டு, அதன் மேல் சேதாரமும் போட்டுவிட்டால், நாம் பழைய அட்டிகையில் கல்லை எடுத்தபோது இழந்ததை இன்னொரு தடவை இழக்கிறோம். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் வரியும்தான். 500 என்று எழுதியிருந்தால் கேளுங்கள். பின்னாளில் தரம் குறைவு என்று சோதனையில் தெரிந்தால், குறைந்த தரத்துக்கான மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்று தர நிர்ணய அமைவனத்தின் 2018 விதிகளில் இருக்கிறது. அதற்கும் பில் வேண்டும்.

நகையை மாற்றினால் வருமான வரி வருமா? பணமே கைக்கு வரவில்லையே.

பணம் வராவிட்டாலும், வருமான வரிக் கணக்கில் பழையதைக் கொடுத்தது ஒரு விற்பனைதான். வாங்கிய விலைக்கும் இப்போது கிடைத்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் மூலதன லாபம். 2024 ஜூலை 23 முதல் கொடுத்த நகை, இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தது என்றால் லாபத்தில் 12.5 சதவீதம். அம்மா, பாட்டி வழியாக வந்தது என்றால் அவர்கள் வைத்திருந்த காலமும் சேரும், அவர்கள் வாங்கிய விலைதான் உங்கள் விலை. கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், பில்லிலும் வராது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர்கள் பழைய தங்கக் கொள்முதல் சீட்டை ஆடிட்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

மாற்றாமல் பணமாக வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா?

புது நகை உண்மையிலேயே வேண்டாம் என்றால் தாராளமாக. பணமாகக் கேட்டால் கழிவு கொஞ்சம் கூடுதலாகப் போடுவார்கள், பெரிய தொகையை ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். ஆனால் மாற்றும்போது சேதாரம், செய்கூலி 33,600, வரி 8,208 என்று 41,808 ரூபாய் எங்கள் கையை விட்டுப் போனது. அந்த ஆரத்தை நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும் தங்கத்தின் விலையாக 2,40,000-தான் வரும். அட்டிகை அறுந்து கிடந்தது, மாட்டவே முடியாத நிலை, அதனால் மாற்றினோம். டிசைன் பழசாகிவிட்டது என்பது மட்டும்தான் காரணம் என்றால், அறுந்த இடத்தைப் பற்றவைத்து மெருகு போட ஆசாரி என்ன கேட்கிறார் என்று ஒரு தடவை விசாரித்துவிட்டு அப்புறம் கடைக்குக் கிளம்புங்கள்.